கரையில் ஒட்டும் அறிவித்தலின் தமிழ்

புத்தளம் மாவட்டக் கரையில் ஒட்டப்படும் பொது அறிவித்தல்களில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது கடல் எச்சரிக்கை. காற்று எழும், கடல் கொந்தளிக்கும், தொழிலுக்குப் போக வேண்டாம் என்பதே அதன் சாரம். கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில் எழுதப்படும் இந்தச் செய்தி வானொலியிலும் தொலைபேசியிலும் வருகிறது. ஊர்களில் அதை அச்செடுத்து மீனவர் சங்கச் சுவரிலும் மண்ணெண்ணெய் விற்கும் கடையிலும் கரைவலை வாடியிலும் ஒட்டுவதுண்டு. அதைப் படிப்பவர்களில் பலர் நாலாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கதைக்க அவர்களிடம் உள்ள சொல்வளம் அறிவித்தல் எழுதுபவரிடம் இருப்பதைவிடப் பெரிது. அவர்களுக்குப் பழக்கமில்லாதது அறிவித்தலின் தமிழ்தான்.

அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை மாற்றலாம் என்பது தெளியும். 1950களிலும் 60களிலும் பள்ளிப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது அறிவியலுக்கும் நிர்வாகத்துக்கும் கலைச்சொற்கள் தேவைப்பட்டன. அரச கரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்பட்டியல்கள் வெளியிட்டது. வகுப்பறைக்கும் பாடநூலுக்கும் அவை நல்ல சொற்கள். பிறகு அதே சொற்களே அலுவலகக் கடிதத்துக்கும், அங்கிருந்து சுவரொட்டிக்கும் இறங்கின. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் அதை நிர்வாகத்தில் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று விரித்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே, வடமேல் மாகாணத்தில் இருக்கும் புத்தளத்துக்கு இந்த உரிமை பெரியது. ஆனால் தமிழில் எழுத வேண்டும் என்று சொல்லும் சட்டம் எந்தத் தமிழில் என்று சொல்வதில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முதலில் எழுதப்பட்டு அவசரமாகப் பெயர்க்கப்படும் அறிவித்தலில், மூலத்தின் நீண்ட வாக்கியம் தமிழ் இலக்கணத்துக்குள் இன்னும் நீண்டு போகிறது.

எளிமை என்றால் குட்டையான சொல் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அது ஓரளவு பொருந்தும். 1948இல் ஏர்னஸ்ற் கவர்ஸ் பிரித்தானிய அரச ஊழியர்களுக்காக எளிய சொற்களைப் பற்றி எழுதிய நூலும் அந்த மரபில் வந்ததே. தமிழில் எழுத்தை எண்ணிப் பயனில்லை. ‘வளி’ இரண்டு எழுத்து, ‘காற்று’ மூன்று. கரையில் விளங்குவது காற்றுதான். தமிழ்ச் சொல் நீள்வது பெரும்பாலும் பின்னால் ஒட்டும் உருபுகளாலும் துணைவினைகளாலும். ‘தவிர்த்துக்கொள்ளுமாறு’ என்பதில் தவிர்த்தல் என்ற கருத்து தலையில் இருக்கிறது. மீதியெல்லாம் அதன்மேல் ஏறிய சுமை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ‘தவிர்த்து’ என்ற இடத்தில் ஒரு முறை மூச்சு விடுகிறார். மிச்சத்தைக் கூட்டி முடிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே குறைக்க வேண்டியது எழுத்துகளை அல்ல, சொல்லின் மூட்டுகளை. ‘போக வேண்டாம்’ எழுத்தில் அப்படியொன்றும் குட்டையில்லை. ஆனால் இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கிறது, இரண்டும் வாயில் வழங்குபவை. புணர்ச்சியில் சேர்த்து எழுதாமல் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதே இந்த வாசகருக்குப் பாதி உதவி.

அன்றாடச் சொல் எது என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு ‘முகில்’ கவிதைச் சொல். இலங்கையில் அது வீட்டுச் சொல். ‘மணித்தியாலம்’ சென்னைக்காரருக்குப் பழைய நூலை நினைவூட்டலாம். கற்பிட்டியில் மீன் வியாபாரி அதைத்தான் சொல்கிறார். 2004 திசம்பருக்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ என்ற நல்ல சொல் எழுத்தில் புழங்கியது, ஆனால் வாயில் நின்றது ‘சுனாமி’. ‘அனர்த்தம்’ ஏட்டுச் சொல்லாகத் தோன்றினாலும் நிவாரணப் பட்டியல்களும் வானொலியும் அதை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டன. அதை எடுத்துவிட்டுப் ‘பேரிடர்’ என்று போட்டால் எளிமை கூடாது, குறையும். ‘பலநாள் படகு’ அரசாங்கம் வைத்த பெயர்தான், ஆனால் துறைமுகத்தில் யாரும் அதற்கு வேறு பெயர் தேடுவதில்லை. தூய்மையும் எளிமையும் ஒன்றல்ல. வடசொல், ஆங்கிலச் சொல், சிங்களச் சொல் எதுவாக இருந்தாலும் கரையில் வழங்கினால் அது எளிய சொல். ‘உயிர்காப்பு அங்கி’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் படம் போடுவதைவிட ‘லைஃப் ஜாக்கெட்’ என்று எழுதுவது நேர்வழி.

இந்தக் கரையில் வாசகர்களும் ஒரே வகையினர் அல்லர். புத்தளம், கற்பிட்டிப் பகுதியின் பழைய முஸ்லிம் ஊர்கள் ஒரு பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறிய மன்னார், யாழ்ப்பாண முஸ்லிம்கள் இன்னொரு பக்கம். உடப்பு, ஆண்டிமுனை போன்ற இந்து மீனவ ஊர்கள். சிலாபத்திலிருந்து தெற்கே, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் சிங்களம் படித்த கத்தோலிக்கர். கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தமிழ் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான சொல்லைத் தேடும்போது ஒரு ஊரின் தனிச்சொல்லைப் பிடித்துக்கொள்வதும் தவறாகும். காற்றுப் பெயர்கள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்ற பெயர்கள் இலங்கைத் தமிழ்க் கரையெங்கும் தெரிந்தவை. வாடை வடக்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் வருவதில் குழப்பம் குறைவு. தெற்குக்கும் மேற்குக்கும் இடையே எந்த இடத்தில் சோழகம் முடிந்து கச்சான் தொடங்குகிறது என்பதில் மட்டும் ஊருக்கு ஊர் கணக்கு வேறுபடலாம். ஆகவே தென்மேற்குக் காற்றை ‘தென்மேற்கு’ என்றே எழுதி, அந்த ஊரில் வழங்கும் பெயரையும் அருகில் சேர்ப்பது பாதுகாப்பு.

இன்னொரு கேள்வி, சொல்லோடு சேர்ந்து பேச்சு வடிவத்தையும் எழுதலாமா என்பது. ‘கடலுக்குப் போவாதீங்க’ என்று எழுதினால் இன்னும் நெருக்கமாக இருக்கும் என்று சிலர் கருதுவர். நடைமுறையில் அது உதவாது. குறைவாகப் படித்தவர் படிக்கப் பழகியது பாடப்புத்தகத்தின் எழுத்து வடிவத்தில். ‘போவாதீங்க’ அவருடைய வாய்க்குப் பழக்கம், கண்ணுக்குப் புதிது. எழுத்துக்கூட்டுபவருக்குப் பழகாத எழுத்துருவம் கூடுதல் வேலை. அதோடு ஒரு மரியாதைக் கணக்கும் இருக்கிறது. அரச முத்திரையுள்ள தாள் தன்னைப் போலப் பேசினால், தன்னைப் படிக்காதவன் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் நினைக்கக்கூடும். சொல்லை வாயிலிருந்தும் ஈற்றைப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுப்பதே இந்தக் கரைக்குப் பொருந்தும் வழி: ‘போகாதீர்கள்’ அல்லது ‘போக வேண்டாம்’, ‘வாருங்கள்’, ‘கட்டி வையுங்கள்’.

இனி ஓர் அறிவித்தலை எடுத்துப் பார்க்கலாம். கீழே உள்ளது எந்த ஒரு நாளின் அறிவித்தலும் அல்ல. இவ்வகை எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வார்ப்பில் அமைத்தது.

‘சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பிராந்தியங்களில் காற்றின் வேகமானது மணித்தியாலத்திற்கு 60 தொடக்கம் 70 கிலோமீற்றர் வரை அவ்வப்போது அதிகரித்து வீசக்கூடும் என்பதுடன் அவ்வேளைகளில் கடல் கொந்தளிப்பாகக் காணப்படும் என எதிர்பார்க்கப்படுவதால், மறு அறிவித்தல் வரை மேற்படி கடற்பிராந்தியங்களில் கடற்றொழில் நடவடிக்கைகளில் ஈடுபடுவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு மீனவ சமூகத்தினர் அறிவுறுத்தப்படுகின்றனர்.’

எல்லாம் ஒரே வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால், செய்ய வேண்டியதும் கடைசியில் வருகிறது. பாதியில் நிறுத்துபவர் காற்று வீசும் என்பதோடு போய்விடுவார். அது அவருக்குத் தெரிந்த சேதிதான். சொல்பவர் யார் என்பதும் இல்லை: எதிர்பார்க்கப்படுகிறது, அறிவுறுத்தப்படுகின்றனர். மீனவ சமூகம் என்பது தன்னைக் குறிக்கிறது என்று ஒரு மீனவருக்கு உடனே படுவதில்லை. சொல்லை மட்டும் மாற்றினால் இந்த வாக்கியம் திருந்தாது. ‘கடற்பிராந்தியம்’ போய்க் ‘கடல்’ வந்தாலும் கட்டு அப்படியே இருக்கும். முதலில் செயலைப் பிரித்து மேலே தனி வரியாக வைக்க வேண்டும். காரணம் பின்னால் வரலாம். சொற்கள் அதற்குப் பிறகு தாமாகவே குறைகின்றன:

‘கடலுக்குப் போக வேண்டாம்.
கடலில் நிற்பவர்கள் உடனே கரைக்கு வாருங்கள்.
சிலாபம் முதல் புத்தளம், மன்னார், காங்கேசன்துறை வரை காற்று கடுமையாக அடிக்கும். சில நேரம் மணித்தியாலத்துக்கு 60 - 70 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கலாம். அப்போது கடல் கொந்தளிக்கும்.
போகலாம் என்று மறுபடி சொல்லும் வரை பொறுங்கள்.’

முதற்பார்வைக்கு இது முடிந்த வேலை போலத் தெரியும். உண்மையில் எழுதுபவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது வரி மூலத்தில் இல்லை. ஏற்கெனவே கடலில் இருப்பவர் என்ன செய்வது என்று மூலம் சொல்லவே இல்லை. அந்த ஓட்டை நீண்ட வாக்கியத்துக்குள் கண்ணுக்குப் படாமல் இருந்தது. பலநாள் படகு ஒன்று கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தால் அவசரமாகத் திரும்புவது சில வேளை ஆபத்தைக் கூட்டும். ஆகவே அந்த வரியை எழுதுபவர் தன் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாது. கடற்றொழில் பரிசோதகரிடமோ திணைக்களத்திடமோ கேட்டே சேர்க்க வேண்டும். ஏட்டுச் சொல் முடிவெடுக்காமல் தப்ப இடம் கொடுக்கிறது, எளிய சொல் கொடுப்பதில்லை. எளிய தமிழில் எழுதுவதற்கு அலுவலகங்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இடம் பற்றிய ஓட்டை இதைவிடப் பெரிது. எச்சரிக்கைகள் கரையை நகரப் பெயர்களால் துண்டு போடுகின்றன. அதில் புத்தளம் ஒரு புள்ளி. ஆனால் புத்தளம் நகரம் திறந்த கடலின் கரையில் இல்லை. அது களப்பின் கிழக்குக் கரையில் இருக்கிறது. களப்புக்கும் கடலுக்கும் இடையே கற்பிட்டித் தீபகற்பம் நீண்டு கிடக்கிறது. களப்பு கடலைச் சேர்வது வடக்கு வாயில். கொழும்பிலிருந்து வரைபடத்தில் பார்ப்பவருக்குப் புத்தளம் என்றால் அந்தக் கரை முழுவதும். கண்டக்குளியிலோ ஆலங்குடாவிலோ படகு தள்ளுபவருக்குப் புத்தளம் என்பது பஸ்ஸில் போய்ச் சாமான் வாங்கும் நகரம். ‘சிலாபத்திலிருந்து புத்தளம் வரை’ என்று மட்டும் வரும் நாளில் கண்டக்குளிக் கடல் அதில் அடங்குமா, இல்லையா? ஊரில் ஒட்டும் தாளில் ஊர்ப் பெயர்களையே எழுதுவது ஒரே வழி: உடப்பு, நுரைச்சோலை, ஆலங்குடா, கண்டக்குளி. எந்த ஊர்கள் சேரும் என்று ஒரு முறை திணைக்களத்தோடு பேசிப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் அதையே இட்டு நிரப்பலாம்.

களப்பும் அப்படித்தான். ‘கடற்பிராந்தியம்’ என்ற சொல் களப்பைத் தொடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்று எழுதியவுடன் கேள்வி தானாக எழுகிறது, ஏனெனில் கற்பிட்டியில் கடல் வேறு, களப்பு வேறு. களப்பில் சின்ன வள்ளத்தில் இறால் பிடிப்பவர் இந்தத் தாள் தனக்கல்ல என்று எடுத்துக்கொள்வார். அவரையும் நிறுத்த வேண்டுமானால் ‘களப்புக்கும் போக வேண்டாம்’ என்ற மூன்று சொல் தேவை. வேண்டியதில்லையென்றால் ‘களப்பில் தொழில் செய்யலாம்’ என்று எழுத வேண்டும். சும்மா விட்டால் ஆளுக்கொரு விளக்கம்.

நேரத்தில் நடக்கும் தவறு இன்னும் எளிதானது. ‘அடுத்த 24 மணித்தியாலங்களில்’ என்பது வானொலியில் கேட்கும்போது சரி. சுவரில் ஒட்டிய தாளில் அது எந்த 24 என்று தெரியாது. மூன்றாம் நாள் படிப்பவருக்கும் அது ‘அடுத்த’ 24தான். ‘மு.ப. 5.30’ என்பதை ‘காலை 5.30’ என்றும், திகதியோடு கிழமையையும் சேர்த்து ‘வெள்ளிக்கிழமை காலை முதல் சனிக்கிழமை காலை வரை’ என்றும் எழுதினால் போதும். முடிவு நேரம் தெரியாதபோது அதைக் கற்பனை செய்து எழுதக் கூடாது. ‘மறு அறிவித்தல் வரை’ என்பதற்குப் பதிலாக அந்த மறு அறிவித்தலை எங்கே பார்க்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று சொல்லலாம்: சங்கத்திலா, பரிசோதகரிடமா, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலா என்று.

அளவு பற்றிய சொற்களில்தான் எளிமைக்கு எல்லை வருகிறது. கொந்தளிப்பு என்பது வெறும் அடைமொழி அல்ல. கடல்நிலையை அலை உயரத்தால் படிகளாகப் பிரிக்கும் உலக வழக்கில் மிதமான நிலை 1.25 முதல் 2.5 மீற்றர் வரை, கொந்தளிப்பு 2.5 முதல் 4 மீற்றர் வரை, மிகுந்த கொந்தளிப்பு 4 முதல் 6 மீற்றர் வரை. எளிமைக்காக எல்லாவற்றையும் ‘கடல் மோசம்’ என்று ஆக்கினால் படிகள் அழிந்துவிடும். இரண்டு மூன்று தடவை சிறிய அலைக்கும் ‘மோசம்’ என்று படித்தவர் நாலாம் தடவை நம்பமாட்டார். நல்ல வேளையாகக் கொந்தளிப்பு என்ற சொல் வானொலியால் கரையெங்கும் பழகிய சொல். அதை வைத்துக்கொண்டு அலை உயரத்தைப் பக்கத்தில் சொல்லலாம். 2.5 மீற்றர் என்றால் ஒரு ஆள் கையைத் தூக்கி நின்றாலும் அதற்கு மேலே. ஆனால் மூலத்தில் காற்றின் வேகம் மட்டும் இருந்து அலை உயரம் இல்லாதபோது ஆள் உயரத்தைக் கொண்டுவருவது எளிமையல்ல, பொய். காற்றுக்கும் இதேபோல ஒரு துணை உண்டு. 60 - 70 கிலோமீற்றர் என்பது போபோர்ட் அளவில் ஏழுக்கும் எட்டுக்கும் வருகிறது. நிலத்தில் அது எதிர்த்து நடக்கச் சிரமமான, சிறு கிளைகள் முறியத் தொடங்கும் காற்று. எண்ணையும் விடாமல் இதையும் சேர்த்தால், வானொலியில் எண்ணைக் கேட்டவர் இரண்டையும் பொருத்திக்கொள்வார்.

கட்டளையின் தரமும் அளவைப் போன்றதே. ‘தவிர்த்துக்கொள்ளுமாறு’ என்பதற்கும் ‘அவதானமாக இருக்குமாறு’ என்பதற்கும் அலுவலகத்தில் தெளிவான வேறுபாடு உண்டு: முன்னது போகாதே, பின்னது போகலாம், பார்த்துப் போ. நீண்ட ஈறுகளுக்குள் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ‘போக வேண்டாம்’ என்றும் ‘போகலாம், கரையைவிட்டுத் தூரம் போக வேண்டாம்’ என்றும் எழுதினால் வேறுபாடு வெளியே வரும். 2011 நவம்பரில் தென்கரையிலும் 2013 ஜூனில் தென், மேல் கரைகளிலும் திடீர்க் காற்றில் பல மீனவர்கள் இறந்தபோது எழுந்த பெரிய குறை, நேரத்துக்கு எச்சரிக்கை வரவில்லை என்பது. எச்சரிக்கை அடிக்கடி வரும் காலத்தில், எது தடை, எது கவனம் என்று பிரித்தறிய முடியாததே அடுத்த குறையாகிறது. ஒரு நாள் தொழிலை விட்டால் அன்றைய சோறு கேள்விக்குறியாகும் வீட்டில், மங்கலான கட்டளை எப்போதும் ‘போகலாம்’ என்றே படிக்கப்படும்.

எழுதிய தாள் விளங்குகிறதா என்று பார்க்க ‘விளங்குதா?’ என்று கேட்பது வீண். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். எளிய மொழிக்கென்று 2023இல் வந்த ஐ.எஸ்.ஓ. 24495-1 என்ற உலகத் தரமும் எளிமையை வாசகரை வைத்தே அளக்கிறது: வேண்டியதைக் கண்டெடுக்க, புரிந்துகொள்ள, அதன்படி நடக்க அவரால் முடிகிறதா என்று. இதன்படி கேட்க வேண்டிய கேள்விகள் செயலைப் பற்றியவை. ‘இன்றைக்கு இரவு வலை போடப் போவீங்களா?’ ‘களப்புக்கு?’ ‘எப்ப திரும்பப் போகலாம்?’ நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டாலே ஓட்டை தெரிந்துவிடும். சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கவனிப்பதும் உதவும். விரல் வரியில் நிற்கும் இடம், ஒரு சொல்லை இரண்டு தடவை தொடங்கும் இடம், தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படிக்கும் இடம் ஆகியவை திருத்த வேண்டிய இடங்கள். அறிவித்தல் எழுதும் அலுவலரின் மேசையைச் சுற்றி இருப்பவர்களைக் கேட்டால் இவை ஒன்றும் வெளிப்படாது. அவர்கள் எல்லோரும் ஏட்டுத் தமிழில் பழகியவர்கள்.

படிக்கவே தெரியாதவர்களுக்கும், தமிழைக் காதால் மட்டும் அறிந்தவர்களுக்கும் இந்தத் தாள் வேறொருவர் வாய் வழியாகவே போய்ச் சேரும். பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கியில் ஒருவர் அதைப் படிப்பார். அல்லது வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை படிக்கும். ஏட்டு வாக்கியத்தை ஒலிபெருக்கியில் படிப்பவர் பெரும்பாலும் அதைத் தன் பேச்சில் சுருக்கிச் சொல்வார், சுருக்கும்போது இடமோ நேரமோ விழுந்துவிடும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் என்று எழுதினால் சுருக்க வேண்டிய தேவை வராது, எழுதியதே சொல்லப்படும். பக்கத்தில் சிங்களப் பகுதி இருக்கும் தாளில் இரண்டும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தோடும் ஊர்ப் பெயர்களோடும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மொழியும் பேசும் ஊரில் வேறுபாடு உடனே கண்டுபிடிக்கப்படும், பிறகு இரண்டையும் யாரும் நம்பார்.

கடைசியாக, காற்று அடங்கியதும் தாளைக் கழற்ற வேண்டும். ‘சனிக்கிழமை காலை முதல் கடலுக்குப் போகலாம்’ என்ற புதிய தாளை அதே இடத்தில் ஒட்ட வேண்டும். போக வேண்டாம் என்று ஒட்டியவர்கள் போகலாம் என்று ஒட்ட மறப்பது வழக்கமாகிவிட்டால், எப்போது போவது என்பதை மீனவர்கள் தாங்களே முடிவு செய்யப் பழகிவிடுவார்கள். அடுத்த எச்சரிக்கையும் அந்தப் பழக்கத்தோடுதான் படிக்கப்படும்.